ஆஃபர் கடிதத்துக்கு அவகாசம் கேட்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

ஆஃபர் கடிதம் வந்த பிறகு யோசிக்க இரண்டு மூன்று நாள் கூடுதலாகக் கேட்பது ஒன்றும் பெரிய விஷயமில்லை. பினாங்கிலும் கோலாலம்பூரிலும் ஆள் எடுக்கும் வேலையில் இருப்பவர்கள் இதை அடிக்கடி பார்க்கிறார்கள். நானும் அந்த வேலையில்தான் இருக்கிறேன். அவகாசம் கேட்டார் என்ற ஒரே காரணத்துக்காக யாரையும் நாங்கள் ஒதுக்கியதில்லை. கேட்ட விதத்தைப் பார்த்து, "இவர் வரமாட்டார் போலிருக்கிறதே" என்று அடுத்த ஆளுக்குப் போன் போட்டது உண்டு.

அந்த அடுத்த ஆளைப் பற்றித் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் புரிந்துவிடும். உங்களுக்குக் கடிதம் அனுப்பும்போது இரண்டாம் இடத்தில் இருப்பவருக்குப் பெரும்பாலும் "முடியாது" என்று சொல்லியிருக்க மாட்டார்கள். "இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறோம்" என்று நிறுத்தி வைத்திருப்பார்கள். அவரை ரொம்ப நாள் அப்படி வைக்க முடியாது. உங்கள் மேலாளர் ஆகப்போகிறவரோ, ஆள் எப்போது வருகிறார் என்று எச்.ஆரைக் குடைந்துகொண்டிருப்பார். அதனால் எச்.ஆர் உங்களிடம் எதிர்பார்ப்பது ஒரு தேதி. அது கிடைத்துவிட்டால் உங்கள் ஆர்வத்தைப் பற்றி அவர் அவ்வளவாகக் கவலைப்படுவதில்லை.

ஒரு உதாரணத்தை வைத்தே பார்ப்போம். பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் வேலை செய்யும் பெண். சம்பளம் 4,900 ரிங்கிட். பத்து காவானில் உள்ள ஒரு கம்பெனி 5,300 ரிங்கிட்டுக்குக் கடிதம் அனுப்புகிறது. ஜூலை 8, செவ்வாய்க்கிழமை மதியம் மின்னஞ்சல் வருகிறது. ஜூலை 11, வெள்ளி மாலை 5 மணிக்குள் பதில் வேண்டும். ஆகஸ்ட் 11, திங்கள் வேலையில் சேர வேண்டும். இதற்கிடையில் கோலாலம்பூர் கம்பெனி ஒன்றில் கடைசி நேர்காணல் முடிந்து, முடிவை 15ஆம் தேதி சொல்வதாக இருக்கிறார்கள். இவருக்குத் தேவை 16ஆம் தேதி, புதன்கிழமை வரை அவகாசம்.

இந்த இடத்தில் பலரும் செய்கிற முதல் தவறு, வெள்ளிக்கிழமை மதியம் வரை வாயே திறக்காமல் இருந்துவிட்டு நாலரை மணிக்கு வாட்ஸாப்பில் "இன்னும் கொஞ்சம் டைம் கிடைக்குமா?" என்று கேட்பது. கேட்கிறவருக்கு அது அடக்கமான கேள்வியாகத் தெரியும். மறுமுனையில் இருப்பவருக்கோ மூன்று நாள் மௌனமும், அதன் கடைசியில் தேதியே இல்லாத ஒரு கோரிக்கையும்தான் தெரியும். கடிதம் வந்த அன்றைக்கே, இல்லையென்றால் மறுநாள் காலையிலாவது, "கிடைத்தது, நன்றி, படித்துக்கொண்டிருக்கிறேன்" என்று ஒரு வரி போக வேண்டும். அவகாசம் வேண்டும் என்று தெரிந்துவிட்டால் புதனோ வியாழனோ கேட்டுவிடுவது நல்லது. அவர் மேலாளரிடம் பேசி உங்களுக்குப் பதில் சொல்லவும் ஒரு நாள் வேண்டுமல்லவா?

இதில் ஒரு சட்ட விஷயமும் இருக்கிறது. அவகாசம் கேட்டுவிட்டால் பழைய கெடு தானாக நீண்டுவிடாது. மலேசியாவின் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி, கெடு குறித்த ஆஃபர் அந்த நேரத்தோடு காலாவதியாகிவிடும். நீங்கள் ஏற்றுக்கொள்வதற்கு முன்னால் அதைத் திரும்பப் பெறவும் அவர்களுக்கு வழி இருக்கிறது. ஆகவே "சரி, புதன் வரை எடுத்துக்கொள்ளுங்கள்" என்று எழுத்தில் வரும்வரை உங்கள் கெடு வெள்ளி மாலை 5 மணிதான். போனில் சொன்னார்கள் என்றால், "நீங்கள் சொன்னபடி புதன் மதியத்துக்குள் பதில் தருகிறேன்" என்று உடனே ஒரு மின்னஞ்சல் அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள்.

"கொள்கை அளவில் ஏற்றுக்கொள்கிறேன், ஆனால் புதன்வரை யோசிக்க வேண்டும்" என்று எழுதுகிறவர்களும் உண்டு. ஆர்வம் காட்டுவதாக நினைத்து எழுதுவது. ஏற்பு என்றால் நிபந்தனை இல்லாமல் முழுதாக இருக்க வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. இந்த வாக்கியம் ஏற்பும் ஆகாது, மறுப்பும் ஆகாது. படிக்கிற எச்.ஆர், ஆள் வருகிறார் என்று எண்ணி இரண்டாம் ஆளை விட்டுவிட்டால் பிறகு மனக்கசப்புதான் மிஞ்சும். இதைவிட மோசமானது, முதலில் கையெழுத்துப் போட்டுவிட்டு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பது. சில கடிதங்களில், கையெழுத்திட்ட பின் சேராமல் போனால் நோட்டீஸ் காலச் சம்பளத்தை ஈடாகக் கட்ட வேண்டும் என்ற வரி இருக்கும். அதைப் படித்துவிட்டுப் பேனாவை எடுக்க வேண்டும்.

சரி, எப்படிக் கேட்பது? ஆங்கிலத்திலோ மலாயிலோ எழுதினாலும் சாரம் ஏறக்குறைய இப்படி இருந்தால் போதும்:

"கடிதத்துக்கு நன்றி. மாதக் கணக்கு முடிப்பை முழுதாக நானே கையாளும் பொறுப்பு இந்தப் பதவியில் இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. போனஸ், மருத்துவக் காப்பீடு பற்றி மூன்று கேள்விகள் கீழே உள்ளன. அவற்றையும் சேர்த்துப் பார்த்து முடிவெடுக்க ஜூலை 16, புதன் மதியம் 12 மணி வரை அவகாசம் தர முடியுமா? அப்படித் தந்தால் நான் ஆகஸ்ட் 18ஆம் தேதி சேர முடியும். அது ஒத்துவருமா என்று சொல்லுங்கள்."

இதில் "ரொம்ப மகிழ்ச்சி, பெரிய பாக்கியம்" எதுவும் இல்லை. நேர்காணலில் பேசிய வேலையிலிருந்து ஒரு குறிப்பான விஷயத்தை எடுத்துச் சொன்னாலே, இவர் இந்த வேலையை நினைத்துப் பார்த்திருக்கிறார் என்று தெரிந்துவிடும். பொதுவான புகழ்ச்சி யாருக்கும் அனுப்பக்கூடியது, அதை எச்.ஆரும் அறிவார்.

சேரும் தேதியை ஏன் இழுத்தேன் என்று கேட்கலாம். பலர் சறுக்குவது இங்கேதான். இவருடைய நோட்டீஸ் காலம் ஒரு மாதம். ஜூலை 11 அன்று ராஜினாமா கொடுத்தால் ஆகஸ்ட் 10, ஞாயிறோடு முடியும். ஆகஸ்ட் 11 சேரலாம். வெள்ளிக்கிழமை என்ற கெடு சும்மா வந்ததில்லை, சேரும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணிப் போட்டது. 16ஆம் தேதி ராஜினாமா கொடுத்தால் ஆகஸ்ட் 15 வரை வேலை பார்க்க வேண்டும், சேர்வது 18, திங்கள். ஐந்து நாள் அவகாசம் கேட்டதில் ஒரு வாரம் தள்ளிப்போகிறது. இதைச் சொல்லாமல் அவகாசம் வாங்கி, புதன்கிழமை "சம்மதம், ஆனால் 18தான் வர முடியும்" என்றால் இரண்டு தடவை இழுத்த மாதிரி ஆகிவிடும். மீதமிருக்கும் விடுப்பை நோட்டீஸில் கழிக்கவோ, குறையும் நாட்களுக்குப் பணம் கட்டிவிட்டுப் போகவோ இப்போதைய கம்பெனியில் வழி இருந்தால், ஆகஸ்ட் 11ஐயே காப்பாற்றிக் கொடுக்கலாம். அதைச் சொல்ல முடிந்தால் அவகாசம் கிடைப்பது சுலபம். உங்கள் நோட்டீஸ் எவ்வளவு என்று பழைய ஒப்பந்தத்தைத் திறந்து பாருங்கள். அதில் எதுவும் இல்லையென்றால் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் சொல்வது: இரண்டு வருடத்துக்குக் குறைவான சேவைக்கு 4 வாரம், இரண்டிலிருந்து ஐந்துக்குள் 6 வாரம், ஐந்தும் அதற்கு மேலும் 8 வாரம்.

கேள்விகளைத் துண்டு துண்டாக அனுப்புவது இன்னொரு வழக்கம். புதன் ஒன்று, வியாழன் ஒன்று, வெள்ளி இரண்டு. ஒவ்வொன்றும் காலம் தாழ்த்துகிற தந்திரமாகவே தோன்றும். எல்லாவற்றையும் ஒரே மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள், அதுவே அவகாசத்துக்கு நியாயமான காரணமாகவும் ஆகிவிடும். தீவிலிருந்து இரண்டாவது பாலம் வழியாகக் கம்பெனி பஸ் உண்டா, தகுதிகாண் காலத்தில் காப்பீடு கிடைக்குமா, முதல் வருட போனஸ் எப்படிக் கணக்காகும் என்பவை கேட்கத்தக்கவை. நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டியதும் ஒன்று உண்டு. 5,000 ரிங்கிட் வரை முதலாளி கட்டும் ஈபிஎஃப் 13 விழுக்காடு, அதைத் தாண்டினால் 12. இவருடைய 4,900க்கும் 5,300க்கும் முதலாளி பங்கு ஏறக்குறைய ஒன்றேதான், 637க்கு 636. சம்பளம் 400 ஏறுகிறது, அந்தப் பங்கு ஏறவில்லை. இதை எச்.ஆரிடம் கேட்டு நேரம் போக்க வேண்டியதில்லை.

இப்போது சங்கடமான விஷயத்துக்கு வருவோம், அந்தக் கோலாலம்பூர் கம்பெனி. "பாட்டிக்கு உடம்பு சரியில்லை" என்று சொல்வது வேண்டாம். பாயான் லெப்பாஸ், பத்து காவான் வட்டாரத்தில் முன்னாள் சகாக்கள் எல்லாக் கம்பெனியிலும் இருப்பார்கள், ஒரு மாமாக் கடைப் பேச்சு போதும், கதை வெளியே வந்துவிடும். அதற்காகப் போட்டிக் கம்பெனியின் பெயரையும் தொகையையும் ஒப்பிக்கவும் வேண்டாம். பேரம் பேசுகிறார் என்று ஆகிவிடும். கேள்விகள் மட்டுமே போதுமான காரணம் என்றால் அதோடு நிறுத்தலாம். காரணம் கேட்டால், "இன்னொரு இடத்தில் கடைசிக் கட்டத்தில் இருக்கிறேன், செவ்வாய்க்கிழமை தெரிந்துவிடும், ஒப்பிட்டுப் பார்த்துப் புதன்கிழமை உறுதியாகச் சொல்கிறேன்" என்று சொல்வது எங்களுக்குப் பிரச்சினையே இல்லை. ஒருவரை இரண்டு கம்பெனிகள் தேடுவது ஆச்சரியமான செய்தியா என்ன?

வாங்கிய அவகாசத்தைச் சும்மா காத்திருந்து கழிப்பதும் தவறுதான், இதை ஏனோ பலர் யோசிப்பதில்லை. கோலாலம்பூர் கம்பெனிக்கு அன்றைக்கே எழுத வேண்டும்: "என் கையில் ஓர் ஆஃபர் இருக்கிறது, 16ஆம் தேதி மதியம் பதில் சொல்லியாக வேண்டும். 15ஆம் தேதி உங்கள் முடிவு உறுதியாகத் தெரியுமா?" அவர்கள் "இன்னும் இரண்டு வாரம் ஆகும்" என்றால் அது இப்போதே தெரிவது நல்லது. பத்து காவானிடம் மறுபடியும் அவகாசம் கேட்கலாமே என்று அப்போது தோன்றும். கேட்காதீர்கள். முதல் தடவை கேட்டபோது ஒரு தேதி கொடுத்தீர்கள், அந்தத் தேதியை நம்பித்தான் இரண்டாம் ஆளை இன்னும் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். கையில் இருக்கும் ஆஃபரை மட்டும் பார்த்து, வருகிறேனா இல்லையா என்று தீர்மானிக்க வேண்டியதுதான்.

மறுப்பதாக முடிவானால் புதன் மதியம் வரை காத்திருக்க வேண்டாம், தெரிந்த உடனே போனில் சொல்லிவிட்டு மின்னஞ்சலும் அனுப்புங்கள். ஏற்பதாக இருந்தால் கையெழுத்திட்ட கடிதத்தைக் காலையிலேயே அனுப்பி, கிடைத்ததா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். ராஜினாமாக் கடிதம் அதற்குப் பிறகு.