தனித்தனி டோன் வைத்தும் எல்லாம் ஒரே ‘டிங்’ ஆகக் கேட்பது ஏன்?

அம்மாவுக்கு அறுவை சிகிச்சை முடிந்து அக்கா வீட்டில் இருந்த நேரம். நான் சமையலறையில், போன் படுக்கையறையில், கதவு பாதி சாத்தியிருந்தது. இருபது நிமிடத்தில் மூன்று தடவை போன் சத்தம் போட்டது. காலை வணக்கம் போடும் குரூப்தான் என்று நினைத்து விட்டுவிட்டேன். முக்கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால், மூன்றில் ஒன்று அக்காவுடையது: “ராத்திரி மாத்திரைச் சீட்டு உன்கிட்டயா இருக்கு? உடனே சொல்லு.”

இதில் என்னை உறுத்தியது, அக்காவுக்கு நான் ஏற்கெனவே தனி டோன் வைத்திருந்தேன் என்பதுதான். குரூப்புக்கு ஒன்று, ஆபீஸ் மெயிலுக்கு ஒன்று, அக்காவுக்கு ஒன்று என்று அரை மணி நேரம் உட்கார்ந்து தேர்ந்தெடுத்தவை. கையில் வைத்துக் கேட்டபோது மூன்றும் நன்றாகவே வேறுபட்டன. அடுத்த அறையிலிருந்து கேட்டபோது மூன்றும் ஒன்றுதான்.

இந்த விஷயத்தில் பெரும்பாலானவர்கள் செய்யும் முதல் தவறே இதுதான்: போனைக் காதருகே வைத்துக்கொண்டு டோன் தேர்ந்தெடுப்பது. போனோடு வரும் பட்டியலில் உள்ள டோன்களில் பல ஒரே மாதிரி அமைப்புள்ளவை. ஒரு தட்டு, அதன் பின்னால் மெதுவாக அடங்கும் ஒலி. ஒன்று கண்ணாடி மாதிரி, ஒன்று நீர்ச்சொட்டு மாதிரி, ஒன்று சின்ன மணி மாதிரி இருக்கும், அவ்வளவுதான். அந்த ‘மாதிரி’யைக் காட்டும் நுணுக்கமெல்லாம் ஒலியின் மேல் பகுதியில், அதாவது கீச்சென்ற பகுதியில் இருக்கிறது. கதவு, தலையணை, பைத் துணி எல்லாம் முதலில் தின்பது அந்தக் கீச்சைத்தான். கீழ் ஒலியோ போனின் சின்ன ஸ்பீக்கரிலிருந்து சரியாக வெளியே வருவதே இல்லை. நடுவில் மிஞ்சுவது ஒரு குறுகிய பட்டை. அதில் கண்ணாடியும் சொட்டும் மணியும் ஒரே ‘டொக்’ ஆகிவிடும்.

ஆனால் ஒன்று மட்டும் கதவைத் தாண்டியும் அப்படியே வரும்: தாளம். எத்தனை தட்டு, நடுவில் எங்கே இடைவெளி, கடைசித் தட்டு குட்டையா நீளமா என்பதெல்லாம் சத்தம் மங்கினாலும் மாறாது. பக்கத்து வீட்டில் யாரோ கதவைத் தட்டும்போது, அது எந்த மரம் என்று தெரியாவிட்டாலும் மூன்று தட்டு என்று தெரிகிறதல்லவா, அது மாதிரிதான். ஆகவே டோன்களை மெட்டில் வேறுபடுத்தாதீர்கள், தாளத்தில் வேறுபடுத்துங்கள்.

மருத்துவக் கருவிகளின் உலகமே இதை ஒருமுறை கஷ்டப்பட்டுத்தான் கற்றுக்கொண்டது. 2006இல் வந்த ஐ.இ.சி. 60601-1-8 என்ற தரநிலை, இதயம், மூச்சு, மருந்து செலுத்துதல் என்று ஒவ்வொரு வகை எச்சரிக்கைக்கும் ஒரு குட்டி மெட்டை வகுத்திருந்தது. ஒரே அவசர நிலையில் உள்ள மெட்டுகளுக்கெல்லாம் தாளம் ஒன்றே, ஸ்வரம் மட்டும்தான் வேறு. பயிற்சி எடுத்த செவிலியர்களே அவற்றை ஒன்றோடொன்று குழப்பிக்கொண்டார்கள். 2020இல் வந்த திருத்தம் அந்த இடத்தில் வேறு வகை ஒலிகளைக் கொண்டுவந்தது: இதயத்துக்கு ‘லப்-டப்’, மூச்சுக்கு மூச்சு விடும் சத்தம், மருந்துக்கு மாத்திரைக் குப்பி குலுங்கும் சத்தம். பழகிய காதுகளுக்கே ஸ்வர வித்தியாசம் போதவில்லை என்றால், பாதி கவனத்தோடு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கும் நமக்கு எப்படிப் போதும்?

இரண்டாவது தவறு எண்ணிக்கை. ஆர்வத்தில் பன்னிரண்டு ஆப்புக்குப் பன்னிரண்டு டோன் வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். முதல் வாரம் நன்றாக இருக்கும். அப்புறம் எந்தச் சத்தம் எது என்று யோசிக்க வேண்டி வரும், யோசிக்க வேண்டி வந்தால் அந்த டோன் பயனில்லை, எப்படியும் போனை எடுத்துப் பார்க்கத்தான் போகிறீர்கள். என் அனுபவத்தில் மூன்று போதும். உடனே எழுந்து போக வேண்டியது, கை வேலை முடிந்ததும் பார்க்க வேண்டியது, பணம் சம்பந்தப்பட்டது. மற்ற எல்லாவற்றுக்கும் சத்தமே வேண்டாம். திரையில் வந்து நிற்கட்டும், பார்க்கும்போது பார்த்துக்கொள்ளலாம். இதைச் சொன்னால் பலருக்கு மனசு ஒப்புவதில்லை, ஏதாவது தவறிவிடுமோ என்று பயம். உண்மையில் தவறவைப்பதே அந்த மற்ற சத்தங்கள்தான். நாளுக்கு அறுபது முறை வீணாகக் கேட்ட காது, அறுபத்தொன்றாவது முறை திரும்பாது.

மூன்றாவதுதான் நிறையப் பேர் கவனிக்காதது: ஆப்புக்கு டோன் வைப்பது. அவசரம் என்பது ஆப்பில் இல்லை, அதற்குள் வரும் செய்தியின் வகையில் இருக்கிறது. ஒரே வாட்ஸ்அப்பில்தான் அக்காவும் வருகிறாள், நூற்றைம்பது பேர் குரூப்பும் வருகிறது. ஆண்ட்ராய்டு 8இலிருந்து (2017) ஒவ்வொரு ஆப்பும் தன் நோட்டிஃபிகேஷன்களை வகை வகையாகப் பிரித்துத் தர வேண்டும், ஒவ்வொரு வகைக்கும் தனி டோன் வைக்கலாம். செட்டிங்ஸில் ஆப்ஸ் போய், அந்த ஆப்பைத் திறந்து, நோட்டிஃபிகேஷன்ஸைத் தொட்டால் வகைகளின் பட்டியல் வரும். வகையின் பெயரைத் தொட்டால் உள்ளே சவுண்ட் இருக்கும். சில போன்களில் இந்தப் பட்டியல் இன்னும் ஓர் அடுக்கு உள்ளே ஒளிந்திருக்கும். இன்னும் சுலபமான வழி: நோட்டிஃபிகேஷன் வந்து நிற்கும்போதே அதை அழுத்திப் பிடியுங்கள், அது எந்த வகை என்று அங்கேயே காட்டும், அங்கிருந்தே அமைப்புக்குள் போய்விடலாம். வாட்ஸ்அப்பில் குறிப்பிட்ட ஒருவருக்கு மட்டும் வைக்க வேண்டுமென்றால், அவருடைய சாட்டைத் திறந்து, மேலே பெயரைத் தொட்டு, நோட்டிஃபிகேஷன்ஸில் தனி டோன் வைக்கலாம்.

இதற்கும் எல்லை உண்டு. சில ஆப்கள் விளம்பரத்தையும் பணம் எடுத்த தகவலையும் ஒரே வகையில் திணித்து அனுப்புகின்றன. அப்படிப்பட்ட ஆப்பில் எந்த டோன் வைத்தாலும் பயனில்லை. பணத் தகவல் குறுஞ்செய்தியாகவும் வருகிறது என்றால், ஆப்பின் சத்தத்தை நிறுத்திவிட்டு அந்தக் குறுஞ்செய்தி உரையாடலுக்குத் தனி டோன் வைப்பது மேல். ஐபோனில் கை இன்னும் கட்டப்பட்டிருக்கிறது. மெசேஜ், மெயில், காலண்டர் போன்ற சொந்த ஆப்களுக்கு டோன் மாற்றலாம், மற்ற ஆப்களின் சத்தத்தை அந்தந்த ஆப்தான் தீர்மானிக்கும். அதனால் ஐபோன்காரர்கள் வேண்டாதவற்றை ஊமையாக்குவதில்தான் அதிகக் கவனம் செலுத்த வேண்டும்.

சரி, நான் கடைசியில் என்ன செய்தேன் என்று சொல்கிறேன். பட்டியலில் எதுவும் ஒத்துவராததால் அக்காவுக்கு நானே ஒரு டோன் செய்தேன். விசில்தான். இரண்டு குட்டை, ஒரு சின்ன இடைவெளி, பிறகு மேலே ஏறும் ஒரு நீள விசில். மொத்தம் ஒன்றரை வினாடி. விசில் ஒலி நம் காது கூர்மையாகக் கேட்கும் பகுதியில் விழுகிறது, சின்ன ஸ்பீக்கரும் அதை நன்றாகவே எழுப்பும். முதலில் மேசையைத் தட்டிப் பதிவு செய்து பார்த்தேன், அது இன்னும் தெளிவாக இருந்தது, ஆனால் யாரோ வாசலில் தட்டுகிறார்கள் என்று இரண்டு தடவை போய்க் கதவைத் திறந்தேன். வீட்டில் வேறு எங்கும் கேட்காத சத்தமாக இருக்க வேண்டும் என்பது அப்போதுதான் புரிந்தது. அதே காரணத்துக்காகக் காலை அலாரத்தின் சத்தத்தையும் வைக்காதீர்கள், அதைக் கேட்டாலே அணைக்கத்தான் கை போகும்.

பதிவு செய்யும் ஆப்பிலேயே முன்னால் உள்ள மௌனத்தை வெட்டிவிடுங்கள். இது சின்ன வேலை, ஆனால் முக்கியம். பாட்டுத் துண்டு வைப்பவர்கள் மாட்டிக்கொள்வதும் இங்கேதான்: முதல் இரண்டு வினாடி மெல்லிய வீணை, அடையாளம் தெரியும் இடம் மூன்றாவது வினாடியில். அதற்குள் இன்னொரு நோட்டிஃபிகேஷன் வந்தால் புதுச் சத்தம் பழையதை வெட்டிவிடும், நீங்கள் கேட்டது வெறும் வீணை முனகல். முதல் அரை வினாடியிலேயே அடையாளம் தெரிய வேண்டும். வெட்டிய கோப்பைப் போனின் உள் சேமிப்பில் `Notifications` என்ற ஃபோல்டரில் போட்டால், டோன் பட்டியலில் அதுவும் வந்துவிடும். மெமரி கார்டிலோ டவுன்லோடிலோ விட்டுவைக்காதீர்கள். எப்போதாவது சுத்தம் செய்யும்போது கோப்பு அழிந்தால், போன் எதுவும் சொல்லாமல் பழைய டோனுக்குப் போய்விடும், அல்லது சத்தமே வராது.

ஆபீஸ் மெயிலுக்கு ஒரே ஒரு தட்டு. பணத்துக்கு வேகமான நான்கு தட்டு. குரூப்களுக்கு ஒன்றுமில்லை. பிறகு பரிசோதனை. போனை ஒரு துணிப்பையில் போட்டு அடுத்த அறையில் வைத்துக் கதவைச் சாத்தினேன். குழாய் ஓடிக்கொண்டிருந்தது. என் மகள் டோன் பட்டியலைத் திறந்து மூன்றையும் தன் இஷ்டத்துக்கு மாற்றி மாற்றிப் பத்து முறை தொட, நான் இங்கிருந்து “அக்கா”, “ஆபீஸ்”, “பணம்” என்று கத்தினேன். பத்தில் எட்டுதான் சரி. தவறிய இரண்டும் ஆபீஸ் தட்டு, குழாய்ச் சத்தத்தில் காதிலேயே விழவில்லை. அது தவறினால் பரவாயில்லை என்று விட்டுவிட்டேன். அக்காவின் டோன் ஒருமுறை தவறியிருந்தாலும் மாற்றியிருப்பேன். வீட்டில் வயதானவர்களுக்கு வைத்துக் கொடுப்பதென்றால் இந்தச் சோதனையை அவர்கள் காதால் செய்ய வேண்டும், உங்கள் காதால் அல்ல. வயதாக ஆகக் கீச்சொலிதான் முதலில் கேட்காமல் போகும், உங்களுக்குப் பளிச்சென்று கேட்கும் விசில் அவர்களுக்கு வெறும் காற்றாக இருக்கலாம். இன்னும் தாழ்ந்த ஒலியில் வைத்துப் பாருங்கள்.

எல்லாம் சரியாக இருந்து ஒருநாள் டோன் வரவில்லை என்றால், முதலில் டூ நாட் டிஸ்டர்ப் இருக்கிறதா என்று பாருங்கள். ஆண்ட்ராய்டில் முக்கியமான வகைக்குள் போய், அந்த நேரத்திலும் சத்தம் போட அனுமதி கொடுக்கலாம். அடுத்து புளூடூத்: பக்கத்து அறையில் கிடக்கும் ஹெட்போன் இன்னும் இணைப்பில் இருந்தால் சத்தம் அங்கே போயிருக்கலாம். அதுவும் இல்லையென்றால், ஆண்ட்ராய்டு 11இலிருந்து நோட்டிஃபிகேஷன் ஹிஸ்டரி என்று ஒன்று இருக்கிறது, அதை முன்கூட்டியே போட்டு வையுங்கள். எந்த நேரத்தில் எந்த ஆப்பிலிருந்து என்ன வந்தது என்று பின்னால் பார்க்கலாம். நீங்கள் ஒரு வகைக்கு வைத்த டோனை ஆப்பால் மாற்ற முடியாது, ஆனால் அப்டேட்டில் அது புதிய வகை ஒன்றை உருவாக்கலாம், அது தன்னுடைய பழைய ‘டிங்’ உடன்தான் வரும். மாதக்கணக்கில் கேட்காத ‘டிங்’ திடீரென்று கேட்டால், அந்த நோட்டிஃபிகேஷனை அழுத்திப் பிடித்து வகையின் பெயரைப் பாருங்கள். புதுப் பெயராக இருந்தால் அங்கேயே டோனை மாற்றிவிடலாம்.