ஃபார்முலாவுக்கு முன்னாடி கண்டிஷனை எழுதினேன்

பெங்களூருல எம்பிஏ படிக்கிறப்ப ஓஆர், அதாவது ஆபரேஷன்ஸ் ரிசர்ச் யூனிட்டை வெறும் ஃபார்முலாவா ஒரே பக்கத்துல சுருக்கி வச்சிருந்தேன். ஒரு கவுன்ட்டர், மணிக்கு λ = 10 பேர் வர்றாங்க, ஒருத்தருக்கு சராசரி 5 நிமிஷம்னு ஒரு கணக்கு, நான் μ = 5னு போட்டுட்டேன், காத்திருக்குற நேரம் மைனஸ்ல வந்துச்சு. μங்கறது நேரம் இல்ல, மணிக்கு எத்தனை பேரை முடிக்க முடியும்ங்கற ரேட், அதாவது 60/5 = 12.

வரிசையில காத்திருக்குற சராசரி நேரம் Wq = λ/(μ(μ−λ)) = 10/24 மணி, 25 நிமிஷம்.

இது வருகை பாய்சானா, சர்வீஸ் நேரம் எக்ஸ்போனென்ஷியலா, λ < μவா இருந்தா மட்டும்தான் செல்லும். எல்லாருக்கும் அச்சு அசலா அதே 5 நிமிஷம்னா அது M/D/1ங்கற வேற மாடல், காத்திருப்பு பாதியாகி 12.5 நிமிஷம்தான்.

இப்ப ஷீட்ல முதல்ல கண்டிஷன், அப்புறம்தான் ஃபார்முலா. இன்வென்ட்டரிக்கும் அதே மாதிரிதான்: லாட் மொத்தமா ஒரே நாள்ல வந்தா ஆர்டர் அளவு √(2DS/H), இதுல D வருஷத் தேவை, S ஒரு ஆர்டருக்கு ஆகுற செலவு, H ஒரு யூனிட்டை ஒரு வருஷம் வச்சிருக்குற செலவு; நம்மளே தயாரிச்சு கொஞ்சம் கொஞ்சமா சேர்ந்தா கீழ இருக்குற Hஐ (1−d/p)ஆல பெருக்கணும், d ஒரு நாள் தேவை, p ஒரு நாள் உற்பத்தி.