தேர்வு நாளில் லான் இணைப்பு செத்துப்போனால்: விடுதி மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்லூரி விடுதியின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஆன்லைன் தேர்வு நாளில் விடிந்ததும் போன் அடிக்க ஆரம்பித்துவிடும், "அண்ணா, லான் வரலை" என்று. கேபிள் கழன்றிருக்கிறதா, லேப்டாப்பை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்தார்களா என்பதையெல்லாம் எல்லோரும் பார்த்துவிட்டுத்தான் கூப்பிடுகிறார்கள். அதனால் அதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. அதற்கு அடுத்த படியில், கொஞ்சம் விவரம் தெரிந்த பையன்களே திரும்பத் திரும்பச் செய்கிற தவறுகள் சில இருக்கின்றன. அவற்றில் ஒன்று இன்றைக்கும் எனக்கு எரிச்சலூட்டுகிறது.

இரண்டை ஒரே நேரத்தில் மாற்றிவிட்டு முடிவுக்கு வருவது

மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவனுக்கு நடந்தது இது. காலை பத்து மணிக்குத் தேர்வு. நடுவில் இணைப்பு அறுந்தால் தேர்வுப் பக்கம் வெளியே தள்ளிவிடும், விடுதி வைஃபையில் அந்த நேரத்துக்கு மாடி முழுக்கத் தொங்கிக்கொண்டிருக்கும் என்பதால் லானைத்தான் நம்பியிருந்தான். எட்டேகாலுக்குக் கேபிளைச் செருகினால் லேப்டாப்பின் லான் துளையில் லைட்டே எரியவில்லை.

அவன் முதலில் செய்தது சரியான திசையில்தான் இருந்தது. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனான். அங்கே இருந்த நண்பனின் கேபிள் சுவர் சாக்கெட்டில் ஏற்கெனவே செருகியிருந்தது, அதன் மறுமுனையைத் தன் லேப்டாப்பில் செருகினான், பச்சை லைட் பளிச்சென்று வந்தது. "அப்போ என் கேபிள்தான் போச்சு" என்று முடிவு கட்டிவிட்டான்.

இங்கேதான் தவறு. அவன் மாற்றியது கேபிளை மட்டும் அல்ல, சாக்கெட்டையும் சேர்த்துத்தான். அந்தப் பச்சை லைட் சொன்னது ஒரே ஒரு செய்தி: லேப்டாப் நன்றாக இருக்கிறது. தன் கேபிள் கெட்டதா, தன் அறை சாக்கெட் கெட்டதா என்பதைப் பற்றி அது எதுவுமே சொல்லவில்லை. தன் கேபிளையும் கூடவே எடுத்துப்போய் நண்பனின் சாக்கெட்டில் செருகிப் பார்த்திருந்தால் இரண்டே நிமிடத்தில் பதில் கிடைத்திருக்கும். லைட் வந்தால் கேபிளும் நல்லது, கோளாறு தன் அறைச் சாக்கெட்டிலோ அதற்கு அப்பாலோ. வராவிட்டால் சந்தேகம் கேபிள்மேல்.

அதைச் செய்யாமல் அவன் மின்னணுவியல் படிக்கும் நண்பனிடம் கிரிம்பிங் கருவியை வாங்கிவந்து, கேபிளின் ஒரு முனையை வெட்டிப் புது ஆர்ஜே45 கனெக்டரைப் போட்டான். இதுதான் என்னைக் கடுப்பேற்றுகிற இடம். வெட்டும்வரை அந்தக் கேபிள் நல்ல கேபிள்! வெட்டிய பிறகு அது உண்மையிலேயே கெட்டது.

எப்படி என்றால், எட்டுக் கம்பிகளை ஜோடி ஜோடியாகப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கியிருந்தான்: ஆரஞ்சு ஜோடி, பச்சை ஜோடி, நீல ஜோடி, பழுப்பு ஜோடி. பார்க்க ஒழுங்காக இருக்கும், ஆனால் வரிசை அது அல்ல. நம் ஊர்க் கேபிள்களில் பெரும்பாலும் இருக்கும் பி வரிசை இது: ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பழுப்பு வெள்ளை, பழுப்பு. பச்சை ஜோடி 3, 6 என்று பிரிந்து நிற்கும், நடுவில் 4, 5 நீல ஜோடி. அவன் போட்டதில் நான்காம் இடத்தில் பச்சையும் ஆறாம் இடத்தில் நீலமும் வந்துவிட்டன. மறுமுனையோ கடையில் போட்ட பழைய கனெக்டர், அதில் வரிசை சரியாக இருந்தது. லேப்டாப்பும் ஸ்விட்சும் பேச ஆரம்பிப்பதே 1-2, 3-6 ஜோடிகளில்தான். ஆறாம் கம்பி நான்காம் இடத்தில் போய் முடிந்தால் லைட் வராது.

புதுக் கனெக்டர் போட்ட கேபிளைத் தன் சாக்கெட்டில் செருகினான், லைட் இல்லை. இப்போதுதான் அதை நண்பனின் சாக்கெட்டில் போட்டுப் பார்க்கத் தோன்றியிருக்கிறது, அங்கேயும் இல்லை. அரை மணி நேரத்துக்கு முன்னால் பச்சை லைட் காட்டிய அதே லேப்டாப், இப்போது இருட்டு. உடனே லேப்டாப்பின் லான் துளையே போய்விட்டது என்று பயந்து டிரைவரை அழித்து மறுபடி நிறுவ உட்கார்ந்துவிட்டான். எனக்குப் போன் வந்தபோது மணி ஒன்பது இருபத்தைந்து.

நான் போனதும் முதலில் கேபிளை டெஸ்டரில் போட்டேன். ஒரு பக்கம் லைட் 1, 2, 3, 4, 5, 6 என்று வரிசையாக ஓடியது, மறுபக்கம் 1, 2, 3, 6, 5, 4 என்று குதித்தது. டெஸ்டர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, கனெக்டர் கண்ணாடி மாதிரிதான் இருக்கும், இரண்டு முனைகளையும் ஒரே பக்கமாகப் பிடித்து நிறங்களை ஒப்பிட்டாலே தெரிந்துவிடும். அந்தக் கேபிளை ஓரமாக வைத்துவிட்டு, நண்பனின் கேபிளைக் கொண்டுவந்து இவன் அறைச் சாக்கெட்டில் போட்டோம். அப்போதும் லைட் இல்லை. லேப்டாப் நல்லது, கேபிள் நல்லது, ஆக முதலிலிருந்தே கோளாறு சாக்கெட்டுக்கு அப்பால்தான்.

ஸ்விட்சில் நுழைந்து பார்த்தேன். எங்களுடையது சிஸ்கோ:

```
show interfaces status err-disabled
```

கோளாறு என்று ஸ்விட்சே மூடிவைத்த போர்ட்களின் பட்டியலில் அவன் அறையின் இரண்டு போர்ட்டும் இருந்தன, காரணம் `bpduguard`. "நேத்து ராத்திரி கேபிள் எங்கே கிடந்தது?" என்று கேட்டேன். லேப்டாப்பைக் கழற்றிவிட்டு முனையை மேசைமேல் விட்டிருக்கிறான். அறைத் தோழன் பெருக்கும்போது, சும்மா கிடக்கிறதே என்று அந்த முனையைச் சாக்கெட்டின் இரண்டாவது துளையில் செருகிவிட்டான். ஒரே கேபிளின் இரண்டு முனையும் சுவரில்! அப்படி விட்டால் ஒரு பாக்கெட் சுற்றிச் சுற்றி வந்து மாடி முழுவதையும் முடக்கிவிடும். அதனால்தான் ஸ்விட்ச் தான் அனுப்பிய செய்தி தனக்கே திரும்பி வருவதைப் பார்த்ததும் போர்ட்டை மூடிவிடுகிறது. காலையில் அவன் முனையை இழுத்து லேப்டாப்பில் செருகியபோதே வளையம் போய்விட்டது, ஆனால் மூடிய போர்ட் தானாகத் திறக்கவில்லை. திறக்க இவ்வளவுதான்:

```
configure terminal
interface Gi1/0/17
 shutdown
 no shutdown
```

ஒன்பது ஐம்பதுக்கு லைட் வந்தது. நண்பனின் கேபிளிலேயே தேர்வு எழுதினான்.

லைட் இல்லாதபோது டிரைவரோடு மல்லுக்கட்டுவது

நல்லது என்று தெரிந்த கேபிளையும் நல்லது என்று தெரிந்த சாக்கெட்டையும் சேர்த்துப் போட்டும் லைட் வரவில்லை என்று உறுதியாகும்வரை டிரைவரைத் தொடாதீர்கள்.

வைஃபையை அணைக்காமல் சோதிப்பது

பக்கம் திறந்தால் லான் வேலை செய்கிறது என்று அர்த்தமில்லை. முதலில் அணையுங்கள்.

நண்பனின் ஐபி முகவரியைக் கையால் போடுவது

லைட் எரிகிறது, ஆனால் நெட் இல்லை என்றால் அது வேறு கதை. விண்டோஸில் `ipconfig` அடித்துப் பாருங்கள். 169.254 என்று தொடங்கும் முகவரி தெரிந்தால், கம்பி ஸ்விட்ச் வரைக்கும் போகிறது, முகவரி கொடுக்க வேண்டிய சர்வரிடமிருந்துதான் பதில் வரவில்லை. அந்த நேரத்தில் பக்கத்து அறைக்காரனுக்கு வந்த எண்ணை எடுத்து அப்படியே போட்டால் இரண்டு பேருக்கும் மாறி மாறி அறுபடும், அவனுக்கும் அன்றைக்குத் தேர்வாக இருக்கலாம். எண்ணை மாற்றாமல் எனக்குச் சொல்லுங்கள்.

அடுத்தவர் போர்ட்டைப் பிடுங்குவது

மாடிக் கோடியில் இருக்கும் ரேக்கைத் திறக்காதீர்கள்.

அந்தத் தேர்வுக்குப் பிறகு ஸ்விட்சில் ஒரு வரி சேர்த்திருக்கிறோம்:

```
errdisable recovery cause bpduguard
```

இதனால் வளையத்துக்காக மூடிய போர்ட் 300 விநாடி கழித்துத் தானே திறந்து பார்க்கும். வளையம் இன்னும் இருந்தால் மறுபடி மூடிக்கொள்ளும். ஆகவே லைட் இல்லை என்றால் சாக்கெட்டின் இரண்டு துளைகளையும் பாருங்கள், ஒரே கேபிள் இரண்டிலும் இருந்தால் ஒரு முனையை எடுத்துவிட்டு ஐந்து நிமிடம் எதையும் தொடாமல் இருங்கள். அப்புறமும் வராவிட்டால், சாக்கெட்டின்மேல் ஒட்டியிருக்கும் எண்ணைப் பார்த்து வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள். அறை எண்ணைவிட அந்த எண் இருந்தால்தான் சரியான போர்ட்டை உடனே தேடி எடுக்க முடியும்.