டெவலப்பருக்கு அனுப்பும் முன் ஐகானைத் தொட்டுப் பாருங்கள்

புதுச்சேரியில் ஒரு தங்கும் விடுதிக்கான முன்பதிவு செயலி என்று வைத்துக்கொள்வோம். ஃபிக்மா கோப்பின் அறை அட்டையில் கட்டில், வைஃபை, காபி என மூன்று ஐகான்கள் இருக்கின்றன.

முதலில் எக்ஸ்போர்ட் எதில் வைக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். கட்டில் ஐகானைத் தேர்ந்தெடுத்தால் வலப்பக்கத்தில் 24×24 என்று வர வேண்டும். 20×14 என்று வந்தால், வெளிச்சட்டத்தை விட்டுவிட்டு உள்ளே இருக்கும் வடிவத்தில் வைத்திருக்கிறார்கள். அப்படி எடுத்த படத்தில் சுற்றியுள்ள வெற்றிடம் இருக்காது. ஒவ்வொரு ஐகானும் வேறு வேறு அளவில் வரும், வரிசை கோணலாகும், பழி டெவலப்பர் மேல் விழும். எக்ஸ்போர்ட் அமைப்பை 24×24 சட்டத்துக்கு மாற்றுங்கள். PNG என்றால் 1x-க்கு 24, 2x-க்கு 48, 3x-க்கு 72 பிக்சல் கிடைக்கும்.

லேயர் பெயர்தான் கோப்பின் பெயராகப் போகிறது. `Vector 12` என்று விட்டால் யாருக்கும் புரியாது. ஆண்ட்ராய்டு சிறிய ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு தவிர எதையும் ஏற்காது. `ic_bed` சரி, `Ic-Bed` பில்டை நிறுத்திவிடும். நம்மூர்ப் பழக்கத்தில் பிரெஞ்சுக் குறியோடு `ic_café` என்று எழுதினாலும் அதே கதிதான்.

இடைவெளிக் குறிப்பில் ஒரே ஒரு பொறி. எழுத்தளவு 16, வரி உயரம் 24 என்றால் எழுத்துக்கு மேலும் கீழும் சுமார் 4 பிக்சல் ஏற்கெனவே காலியாக இருக்கும். படத்துக்கும் அதன் கீழுள்ள எழுத்துக்கும் இடையே கண்ணுக்குத் தெரியும் 16 பிக்சல் இடைவெளியை அப்படியே குறித்தால் திரையில் 20 ஆகிவிடும். பெட்டிக்குப் பெட்டி அளந்து 12 என்றே எழுதுங்கள்.