உயில் எழுதும்போது சாட்சி எங்கே நிற்க வேண்டும்?

கன்னியாகுமரி மாவட்டம் கருங்கல் பக்கம் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். கணவரை இழந்த 81 வயதுக் கிறிஸ்தவப் பாட்டி, இடுப்பெலும்பு முறிந்து கட்டிலில் கிடக்கிறார். வீடிருக்கும் 12 சென்ட் மகனுக்கு, 40 சென்ட் ரப்பர் இளைய மகளுக்கு என்று எழுதிவைக்க ஆசை. மூத்த மகளுக்குக் கல்யாணத்திலேயே கொடுத்தாயிற்று. இதற்கு முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாள் போதும். பதிவும் கட்டாயமில்லை. பின்னால் வழக்கு வந்தால் பெரும்பாலும் இரண்டு விஷயத்தைத்தான் பிடிப்பார்கள்: பாட்டிக்கு அன்று நிதானம் இருந்ததா, சாட்சிகள் முறையாகக் கையெழுத்துப் போட்டார்களா.

படி 1: நிதானத்தைப் பாருங்கள்

18 வயதும் தெளிந்த மனமும் இருந்தால் போதும் என்கிறது 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 59ஆம் பிரிவு. முதுமையோ, பார்வை போனதோ, படுக்கையில் இருப்பதோ தடையில்லை. என்ன செய்கிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இதைச் சோதிக்க, முதலில் மகனையும் மகளையும் அறைக்கு வெளியே அனுப்புங்கள். “வீடு மகனுக்குத்தானே பாட்டி?” என்று கேட்காதீர்கள், அதற்கு யாரும் தலையாட்டிவிடுவார்கள். “உங்களுக்கு எங்கெல்லாம் நிலம் இருக்கு?” என்று கேளுங்கள். “வீடிருக்க இடம் 12 சென்ட், தோட்டம் 40 சென்ட். மூத்தவளுக்கு அப்பவே நகையும் பணமும் கொடுத்தாச்சு மக்களே, இது இளையவளுக்கு” என்று அவராகவே சொன்னால் சொத்தும் தெரிகிறது, வாரிசுகளும் தெரிகிறார்கள், காரணமும் இருக்கிறது. அந்தக் காரணத்தை உயிலிலேயே எழுதிவிடுங்கள். மூத்த மகளை ஏன் விட்டார் என்ற கேள்விதான் நாளை முதலில் வரும்.

வலி மாத்திரை போட்டு மயங்கிக் கிடக்கும் நேரம் வேண்டாம். மருத்துவச் சான்று நல்லதுதான், ஆனால் அதுவே முடிவான சாட்சியம் ஆகாது. வழக்கமாகப் பார்க்கும் மருத்துவர் அதே நாளில் வந்து, என்ன கேட்டார், பாட்டி என்ன சொன்னார் என்று எழுதித் தருவதுதான் உதவும். அவரையே ஒரு சாட்சியாகவும் போட்டுவிடலாம்.

படி 2: சாட்சிகளைத் தேர்ந்தெடுங்கள்

குறைந்தது இரண்டு பேர் வேண்டும். வீட்டில்தானே இருக்கிறார் என்று இளைய மருமகனைக் கூப்பிட்டுவிடுவார்கள். இதில் இருக்கும் ஆபத்து நம் மாவட்டத்தில் எத்தனை குடும்பத்துக்குத் தெரியும் என்று எனக்குச் சந்தேகம்தான். கிறிஸ்தவர்களுக்குப் பொருந்தும் 67ஆம் பிரிவின்படி, சாட்சிக்கோ அவருடைய கணவன், மனைவிக்கோ எழுதிய சொத்து செல்லாது. உயில் நிற்கும், மகனுக்கு வீடும் கிடைக்கும். ஆனால் 40 சென்ட் ரப்பர் இளைய மகளுக்குப் போகாது. மிச்சச் சொத்து யாருக்கு என்று உயிலில் ஒரு வரி இல்லாவிட்டால் மூன்று பிள்ளைகளுக்கும் சமமாகப் பிரியும். மருமகன் போட்ட ஒரு கையெழுத்தால் மனைவிக்கு மூன்றில் இரண்டு பங்கு நஷ்டம்!

இந்துக்களுக்கு இந்தப் பிரிவு பொருந்தாது. ஆனாலும் ஆதாயம் பெறுகிறவரே சாட்சி என்றால் நீதிமன்றம் சந்தேகத்தோடுதான் பார்க்கும். முஸ்லிம்களுக்குத் தனிச் சட்டம்.

சாட்சி பாட்டியைவிட நன்றாக இளையவராக இருக்கட்டும். அடுத்த மாதம் கல்ஃப் போகிற பையன் வேண்டாம். காரணம் படி 4இல்.

படி 3: கையெழுத்து

உயிலை வாசித்துக் காட்டியபின் பாட்டி முதலில் கையெழுத்தோ கைரேகையோ வைக்கட்டும். ஒவ்வொரு சாட்சியும் அதைக் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் “இது நான் போட்டதுதான்” என்று பாட்டியே அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். அப்புறம் சாட்சி பாட்டியின் முன்னிலையில் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் இருக்க வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை, இருந்தால் வசதி.

தவறு நடப்பது இங்கேதான். அறையில் மேசை இல்லை என்று தாளைத் திண்ணைக்குக் கொண்டுபோய் சாட்சி அங்கே கையெழுத்திடுவார். பாட்டி கட்டிலில் இருந்தபடி அதைப் பார்க்க வழியில்லை என்றால் உயிலே விழுந்துவிடலாம். ஒரு ஸ்டூலைக் கட்டிலருகே இழுத்துப் போடுங்கள். சாட்சிகளின் பெயருக்கு மேலே இப்படி எழுதுங்கள்: “உயில் எழுதியவர் எங்கள் முன் கையெழுத்திட்டதைப் பார்த்து, அவர் முன்னிலையில் நாங்கள் கையெழுத்திட்டோம்.”

படி 4: நிரூபிப்பது

பதிவு செய்த உயிலாக இருந்தாலும், வழக்கு என்று வந்தால் உயிரோடிருக்கும் சாட்சிகளில் ஒருவராவது கூண்டேற வேண்டும். “கையெழுத்து என்னுடையது” என்றால் மட்டும் போதாது. பாட்டி போட்டதை நான் பார்த்தேன், அவர் முன்னால் நானும் போட்டேன், மற்ற சாட்சியும் அப்படியே போட்டார் என்று சொல்ல வேண்டும்.

மகனே எழுத்தரைக் கூட்டிவந்து, மகனே வாசகம் சொல்லி, பெரும்பங்கும் மகனுக்கே என்றால் அது சந்தேகச் சூழ்நிலை. அதை விலக்கும் பொறுப்பு உயிலைக் காட்டுகிறவருடையது என்று 1959இல் வெங்கடாசல ஐயங்கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பதிவு செய்தால் கொஞ்சம் பலம்தான். பாட்டியால் நடக்க முடியாததால், மனு கொடுத்தால் சார்பதிவாளர் வீட்டுக்கே வர வழியுண்டு.

இன்னொன்று. பிறகு அளந்து பார்த்து 40 சென்ட் என்பதை 42 என்று பேனாவால் திருத்தாதீர்கள். திருத்தினால் அதன் ஓரத்தில் பாட்டியும் இரண்டு சாட்சிகளும் மறுபடி இதே முறையில் கையெழுத்திட வேண்டும். புதிதாக எழுதுவதே சுலபம்.