பத்து மடங்கு என்று எழுதினால் அதற்குள் என்ன இருக்கிறது: இறுதி மதிப்பில் நடக்கும் தவறுகள்

பகாவில் எங்கள் மாமா செம்பனைக் குலை ஏற்றும் லோரி நடத்துகிறார். 12 லோரிகள். சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து ஆலைக்குப் பழம் கொண்டு போகிற வேலை. அவருக்கு வயதாகிவிட்டது, அக்கா மகன் தொழிலை வாங்கிக்கொள்கிறேன் என்கிறான், விலை என்ன என்பதுதான் கேள்வி. பையன் பட்டணத்தில் ஃபைனான்ஸ் படித்தவன், ஒரு எக்ஸல் போட்டுக்கொண்டு வந்து ஒட்டுக்கடையில் என் முன்னால் வைத்தான். கணக்கு பார்க்கிறவன் என்பதால் இந்த மாதிரிக் கோப்புகள் எனக்குப் புதிதில்லை. தவறுகளும் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் இருக்கும், கடைசி வரியில்.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். அடுத்த ஐந்து ஆண்டுகளில் செலவு, வரி, லோரி வாங்கும் பணம் எல்லாம் போகக் கையில் மிஞ்சும் ரொக்கம் ஆண்டுக்கு 4, 4.3, 4.7, 5.1, 5.5 லட்சம் வெள்ளி. தள்ளுபடி விகிதம், அதாவது பின்னால் வரும் பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைக்கும் ஆண்டு விகிதம், 11%. இந்த ஐந்தையும் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து கூட்டினால் ஏறக்குறைய 17.2 லட்சம். ஐந்தாம் ஆண்டுக்குப் பிறகு தொழில் நின்றுவிடப் போவதில்லை, அதனால் அதற்கப்புறம் வரும் அத்தனை ஆண்டுகளையும் ஒரே எண்ணில் அடைக்க வேண்டும். அதைத்தான் இறுதி மதிப்பு, டெர்மினல் வேல்யூ என்கிறோம். பையன் எக்ஸிட் மல்டிபிள் முறையில் போட்டிருந்தான்: ஐந்தாம் ஆண்டு எபிட்டா, அதாவது வட்டி, வரி, தேய்மானம் கழிப்பதற்கு முந்தைய லாபம், 10 லட்சம். அதை 10ஆல் பெருக்கி 100 லட்சம். இன்றைய மதிப்பில் 59.3 லட்சம். ஆக மொத்தம் 76.5 லட்சம்.

"அந்த 10-ஐ எங்கே பிடிச்ச?" என்று கேட்டேன். பங்குச் சந்தையில் இருக்கிற ஒரு பெரிய சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தைப் பற்றிய அறிக்கையில் இருந்ததாம். நூற்றுக்கணக்கான வாடிக்கையாளர்கள் உள்ள நிறுவனத்துக்கு இன்று சந்தை கொடுக்கிற மடங்கை, இரண்டு மூன்று தோட்டங்களை நம்பியிருக்கும் 12 லோரிக்கு, அதுவும் ஐந்து ஆண்டு கழித்து வேகமான வளர்ச்சியெல்லாம் முடிந்த பிறகு கொடுப்பது சரியில்லை என்பது பார்த்தாலே தெரியும். ஆனால் 10 சரியில்லை, 7 தான் சரி என்று வாதம் பண்ணினால் அது சந்தையில் மீன் விலை பேசுகிற மாதிரிதான் போகும். அதைவிட நல்ல வழி, அந்த 10 என்ன சொல்கிறது என்று அதன் வாயாலேயே கேட்பது. ஒவ்வொரு மடங்குக்குள்ளும் ஒரு நிரந்தர வளர்ச்சி விகிதம் ஒளிந்திருக்கிறது:

```
g = (TV × r − FCF) / (TV + FCF)
```

g தான் அந்த வளர்ச்சி. TV என்ற இறுதி மதிப்பு 100 லட்சம், r என்ற தள்ளுபடி விகிதம் 0.11, FCF என்ற கடைசி ஆண்டு ரொக்கம் 5.5 லட்சம். 11இலிருந்து 5.5 கழித்து 105.5ஆல் வகுத்தால் 5.2%. அதாவது மாமாவின் லோரித் தொழில் இனி உலகம் உள்ளவரை ஆண்டுக்கு 5.2% வளரும் என்று பையன் எழுதியிருக்கிறான், எழுதியது அவனுக்கே தெரியாது. மலேசிய அரசின் 10 ஆண்டுக் கடன் பத்திரமே அண்மைக் காலமாக 3.5, 4 சதவீத அளவில்தான் சுற்றிக்கொண்டிருக்கிறது. நிரந்தர வளர்ச்சியை அதற்கு மேலே வைக்காதே என்பது இந்தத் தொழிலில் பலரும் பிடித்துக்கொள்ளும் வரம்பு. இதோடு செம்பனை நிலமும் விரிந்துகொண்டே போகப் போவதில்லை, 2019இல் அரசாங்கம் மொத்தப் பரப்புக்கு 65 லட்சம் ஹெக்டர் என்று உச்சவரம்பு அறிவித்தது. எங்கள் பக்கத்தில் ஒன்றிரண்டு தோட்டங்கள் தாமான் வீடுகளாக மாறியதையும் பார்த்துவிட்டோம். பழம் அறுத்த ஒரு நாளுக்குள் ஆலைக்குப் போக வேண்டும், இல்லையென்றால் எண்ணெயில் அமிலம் ஏறிவிடும், அதனால் தூரத்துத் தோட்டங்களைத் தேடிப் போய் வளரவும் வழியில்லை.

மறுபக்கத்திலிருந்து பார்ப்போம். நிரந்தர வளர்ச்சி 2.5% என்று வைத்தால்,

```
TV = FCF × (1 + g) / (r − g) = 5.5 × 1.025 / 0.085 = 66.3
```

இன்றைய மதிப்பில் 39.4, மொத்தம் 56.5 லட்சம். 66.3ஐ எபிட்டா 10ஆல் வகுத்தால் 6.6 மடங்கு. இரண்டு முறையும் தனித்தனி மதிப்பீடுகள் இல்லை, ஒரே பேச்சின் இரண்டு மொழிபெயர்ப்புகள்தான். ஒன்றில் மடங்கை நாம் சொல்கிறோம், வளர்ச்சி தானாக வருகிறது. மற்றதில் வளர்ச்சியைச் சொல்கிறோம், மடங்கு தானாக வருகிறது. இதனால்தான் இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்துப் போடுவதை நான் ஒத்துக்கொள்வதே இல்லை. 76.5க்கும் 56.5க்கும் சராசரி 66.5. பார்க்க நியாயமாகத்தான் இருக்கும், ஆனால் 20 லட்சம் வித்தியாசம் ஏன் வந்தது என்ற கேள்வியை அது அப்படியே பாய்க்கடியில் தள்ளிவிடுகிறது.

சரி, இதுவரை சொன்னதைப் பலரும் செய்துவிடுவார்கள். அடுத்ததுதான் எனக்குப் பெரிய தவறாகத் தெரிவது, பையனும் அதில்தான் விழுந்தான். நான் மேலே சொன்ன 5.5 லட்சம் நான் திருத்திய எண். அவன் முதலில் வைத்திருந்தது 7 லட்சம். காரணம், ஐந்தாம் ஆண்டில் லோரி ஏதும் வாங்கத் திட்டமில்லை, அதனால் சில்லறைச் செலவுக்கு 1 லட்சம் மட்டும் போட்டிருந்தான். அந்த ஒரு ஆண்டுக்கு அது உண்மைதான். ஆனால் கடைசி ஆண்டு வெறும் ஒரு ஆண்டு இல்லை, அதற்குப் பிறகு வரும் எல்லா ஆண்டுக்கும் அதுதான் அச்சு. 12 லோரி, ஒரு லோரி சுமார் 12 ஆண்டு ஓடும் என்றால் ஆண்டுக்கு ஒன்று மாற்றியாக வேண்டும், 2.5 லட்சம். அதை விட்டுவிட்டால் இனி எந்தக் காலத்திலும் லோரியே வாங்காமல் தொழில் நடக்கும், அதுவும் வளரும் என்று அர்த்தம். அந்த 1.5 லட்சம் விடுதல், 2.5% வளர்ச்சியில், இறுதி மதிப்பை 18 லட்சம் ஊத வைக்கும். இன்றைய மதிப்பில் 10.7 லட்சம்.

எக்ஸிட் மல்டிபிள் முறைக்கு இந்தத் தவறு கண்ணிலேயே படாது, ஏனென்றால் எபிட்டா லோரி வாங்கும் செலவுக்கு முந்தைய எண். பழைய லோரி 12 வைத்திருப்பவனுக்கும் புது லோரி 12 வைத்திருப்பவனுக்கும் ஒரே எபிட்டா, ஒரே மடங்கு! இதைவிட மோசம், சரிபார்ப்பும் ஏமாந்துபோகும். 7 லட்சத்தை வைத்து அதே 10 மடங்குக்குள் இருக்கும் வளர்ச்சியைப் பாருங்கள்: 11இலிருந்து 7 போக 4, அதை 107ஆல் வகுத்தால் 3.7%. "பார்த்தீங்களா மாமா, 4க்குக் கீழேதான் இருக்கு" என்று பையன் சொல்லியிருப்பான், நானும் தலையாட்டியிருப்பேன். ஒரு தவறு இன்னொரு தவறை மூடிவிடும். ஆகவே வரிசை முக்கியம்: முதலில் கடைசி ஆண்டு ரொக்கத்தை ஒரு சாதாரண ஆண்டின் ரொக்கமாக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் மடங்கும் வளர்ச்சியும்.

சாதாரண ஆண்டு என்பது லோரியோடு முடியவில்லை. செம்பனையை ஏறக்குறைய 25 ஆண்டில் வெட்டி மறுநடவு செய்வார்கள், புதுக் கன்று காய்க்க மூன்று ஆண்டு ஆகும். 25இல் 3 என்றால் நீண்ட காலக் கணக்கில் நிலத்தின் 12% எப்போதும் காய்க்காமல் கிடக்கும். கடைசி ஆண்டில் எல்லா மரமும் நல்ல வயதில் நின்று காய்ப்பதாக வைத்தால், அந்த உச்சத்தையே நிரந்தரமாக்கிவிடுகிறோம்.

இனி, மொத்தத்தில் இறுதி மதிப்பு எத்தனை சதவீதம் என்பது. பையனின் 10 மடங்குக் கணக்கில் 78%. இதைப் பார்த்து மாமா, "முக்கால் பங்கு எவனும் பார்க்காத காலத்துல இருக்குன்னா இது ஜோசியம் தானே" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்தச் சதவீதம் பெரும்பாலும் வெறும் பெருக்கல் கணக்கு. முதல் நாளிலிருந்தே 2.5% மட்டும் வளரும் ஒரு தொழிலை, எந்த ஆசையும் கலக்காமல், 11%இல் ஐந்து ஆண்டுக்குப் போட்டால் இறுதி மதிப்பின் பங்கு 1.025ஐ 1.11ஆல் வகுத்து ஐந்தாம் அடுக்கு, அதாவது 67%. அதற்குக் கீழே போக வழியில்லை. எங்கள் திருத்திய கணக்கில் 70%, அந்த 3 புள்ளி முதல் ஐந்து ஆண்டு வளர்ச்சி கொஞ்சம் வேகமாக இருப்பதால் வந்தது. 78%க்கும் 67%க்கும் உள்ள இடைவெளிதான் விசாரிக்க வேண்டியது.

சிலர் இந்தச் சதவீதத்தைக் குறைப்பதற்காகவே கணிப்பைப் பத்து ஆண்டுக்கு நீட்டுவார்கள். நாங்களும் நீட்டிப் பார்த்தோம், ஆறிலிருந்து பத்து வரை அதே 2.5%. இறுதி மதிப்பின் பங்கு 70இலிருந்து 47%க்கு இறங்கிவிட்டது. மொத்த மதிப்பு? அதே 56.5 லட்சம். ஒரு வெள்ளிகூட நகரவில்லை. ஒரு பெட்டியிலிருந்து எடுத்து இன்னொரு பெட்டியில் போட்டதுதான், நிச்சயமின்மை அங்கேயேதான் இருக்கிறது. ஆறாம் ஆண்டுக்கு மேல் உண்மையிலேயே வேறு ஏதாவது நடக்கும் என்று தெரிந்தால் நீட்டுங்கள், சதவீதம் அழகாக இருக்க வேண்டும் என்பதற்காக வேண்டாம்.

இன்னொன்று, சுருக்கமாக: இதில் வரும் மொத்தம் தொழிலின் மதிப்பு, மாமா கைக்கு வரும் பணம் இல்லை. லோரிகள் மேல் தவணைக் கடன் 9 லட்சம் இருக்கிறது, அது போக 47.5. பையன் அதைக் கழிக்கவில்லை. மாமா மட்டும் உடனே கண்டுபிடித்தார், தவணை கட்டுகிறவர் அவர்தானே.

இப்போது விலை 47.5 லட்சத்தில் முடிந்துவிட்டதா என்றால் இல்லை. போன வாரம் தோட்டத்துக் கிராணியைக் கோயிலில் பார்த்தபோது, மாமாவுக்கு அதிகம் பழம் தரும் இரண்டு பிளாக்குகள் எந்த ஆண்டு நட்டது என்று கேட்டேன். 2003 என்றார். பையன் இப்போது எக்ஸலைத் திறந்து 2028க்கு அப்புறம் உள்ள டன் கணக்கைத் திருத்திக்கொண்டிருக்கிறான்.