ஜோகன்னஸ்பர்க்கில் தேநீர் ஏன் சப்பென்று இருந்தது?

டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க்குக்குக் குடிவந்த பிறகு வீட்டுத் தேநீர் சப்பென்று ஆகிவிட்டது. அதே தூள், அதே பால். நிறம் நன்றாகவே இறங்கியது, ஆனால் வாயில் வைத்தால் கனமே இல்லை.

சமையல் வெப்பமானியைக் கொதிக்கும் தண்ணீரில் விட்டுப் பார்த்ததும் காரணம் தெரிந்தது. 94 டிகிரிதான்! டர்பன் கடலோர ஊர். அங்கே தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். இந்த ஊரோ சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் குறைவு என்பதால் தண்ணீர் முன்னதாகவே கொதித்துவிடுகிறது. எவ்வளவு நேரம் அடுப்பில் வைத்தாலும் அதற்கு மேல் சூடு ஏறாது. கறுப்புத் தேயிலையின் சாரம் முழுதாக இறங்க அந்தச் சூடு கொஞ்சம் போதாது.

சரி, கூட்ட முடியாத சூட்டை வீணாக்காமலாவது இருக்கலாம். இப்போது முதலில் கொஞ்சம் கொதிநீரைப் பீங்கான் டீபாட்டில் ஊற்றி, அது கை பொறுக்காத அளவு சூடானதும் கொட்டிவிடுகிறேன். குளிர்ந்த பீங்கான் நிறையச் சூட்டைக் குடித்துவிடும். அப்புறம் கோப்பைக்கு ஒரு டீஸ்பூன் தூள் போட்டு, தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போதே ஊற்றி, மூடி, தடித்த துணியைச் சுற்றி வைக்கிறேன். டர்பனில் 3 நிமிடம் போதும். இங்கே 5 நிமிடம். தேநீரை வடித்த பிறகுதான் பால் சேர்க்க வேண்டும். முன்பே ஊற்றினால் சூடு இறங்கிவிடும்.

நிறத்தை நம்பாதீர்கள், அது சீக்கிரம் வந்துவிடும். ஒரு வாய் குடித்துப் பாருங்கள். நாக்கு வறண்டு இழுத்தால் அதிகம் ஊறிவிட்டது, அரை நிமிடம் குறையுங்கள். பச்சைத் தேயிலைக்கு 80 டிகிரியே போதும் என்பதால் அதை இங்கும் பழையபடியே போடலாம்.